நாற்பது கடன் முறியும் என்று பார்த்திருக்க இருநூறு முறிந்தால்: ஒற்றைப் பொதுக் காரணியை வைத்துப் பொருளாதார மூலதனம் கணிக்கும் வழி

கடன் கொடுக்கும் நிறுவனம் இரண்டு வகை நட்டத்துக்குத் தயாராக இருக்க வேண்டும். ஒன்று வருடா வருடம் வரும் நட்டம். அதை வட்டியில் சேர்த்து வாங்கிவிடலாம். மற்றது எப்போதாவது ஒரு வருடத்தில் எல்லாரும் சேர்ந்து விழும்போது வரும் நட்டம். அதற்கு வட்டி போதாது, உரிமையாளர்களின் சொந்தப் பணம்தான் நிற்க வேண்டும். அந்தச் சொந்தப் பணம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைத்தான் பொருளாதார மூலதனம் என்கிறோம். அதைக் கணிக்க உலகெங்கும் வங்கிகள் பயன்படுத்தும் மிக எளிய மாதிரி, ஓல்ட்ரிச் வாசிசெக் 1987இல் எழுதிய ஒற்றைக் காரணி மாதிரி. வங்கிகளுக்கான சர்வதேச மூலதன விதிகளான பாசல் விதிகளின் உள்ளகத் தரப்படுத்தல் முறையிலும் இதே சூத்திரம்தான் உள்ளே இருக்கிறது. மலையகக் கடன் தொகுப்பு ஒன்றை எடுத்து, தொடக்கத்திலிருந்து முடிவுவரை கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு எக்செல் தாள் போதும், கடைசிச் சோதனைக்கு மட்டும் சில வரி பைதன் வேண்டும்.

## கையில் எடுக்கும் தொகுப்பு

கந்தப்பளை, ராகலை, வெலிமடைப் பக்கம் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு செய்யும் சிறு விவசாயிகள் 1000 பேருக்கு ஒரு நிறுவனம் ஆளுக்கு 2 லட்சம் ரூபாய் கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20 கோடி. தொகுப்பு கற்பனை, ஆனால் இப்படிப்பட்ட கடன்களைக் கையாண்டவர்களுக்கு அளவுகள் அந்நியமாகத் தெரியாது.

தவணை 90 நாளுக்கு மேல் நின்றுபோன கடனை இங்கே முறிந்த கடன் என்கிறேன். ஒரு வருடத்துக்குள் ஒரு கடன் முறிவதற்கான நிகழ்தகவு 4%. முறிந்த கடனில் பிணைகாரரைப் பிடித்து, கையில் கிடைத்ததை விற்று, வழக்குச் செலவும் கழித்த பிறகு பாதிப் பணம் திரும்பி வருகிறது. ஆக, ஒரு கடன் முறிந்தால் நட்டம் சரியாக 1 லட்சம்.

கடைசி எண்ணை வேண்டுமென்றே வட்டமாக எடுத்தேன். இனி எத்தனை கடன் முறிகிறதோ அத்தனை லட்சம் நட்டம். 40 கடன் என்றால் 40 லட்சம், 200 கடன் என்றால் 2 கோடி. தலையைக் குழப்பும் பெருக்கல் ஒன்று குறைகிறது.

## முதல் படி: எதிர்பார்த்த நட்டம்

1000 பேரில் 4% என்றால் 40 பேர், அதாவது 40 லட்சம். கடன் ஒன்றுக்கு 4000 ரூபாய், கொடுத்த தொகையில் 2%. இது வியாபாரச் செலவு. வட்டி வீதத்துக்குள் இது உட்கார்ந்திருக்க வேண்டும், கணக்கேட்டில் இதற்கு ஏற்பாடு வைக்க வேண்டும். 2018 முதல் இலங்கையில் நடைமுறையில் இருக்கும் எஸ்.எல்.எப்.ஆர்.எஸ். 9 கணக்கியல் நியமமும் எதிர்பார்த்த நட்டத்தைத்தான் ஏற்பாடாக வைக்கச் சொல்கிறது. மூலதனத்தைக் கணிக்கும்போது இந்த 40 லட்சத்தைக் கழித்துவிடுவோம். வட்டியிலிருந்து ஏற்கெனவே வாங்கியதற்கு இன்னொரு முறை பணம் ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் வட்டியில் அது உண்மையில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கழியுங்கள். போட்டிக்காக வட்டியைக் குறைத்த நிறுவனம் அதைக் கழிக்க முடியாது.

## இரண்டாம் படி: ஆளுக்கு ஆள் தொடர்பில்லை என்று எடுத்தால் என்ன ஆகும்

1000 பேரின் முறிவும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்று வைத்தால், இது ஈருறுப்புப் பரம்பல். சராசரி 40, நியம விலகல் 6.2. ஆயிரம் வருடத்தில் ஒரு முறை வரக்கூடிய மோசமான வருடத்தில்கூட முறியும் கடன்கள் 60ஐச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். சராசரிக்கு மேல் இருபது லட்சம் சொந்தப் பணம் வைத்திருந்தால் போதும் என்று இந்தக் கணக்குச் சொல்லும்.

மலையகத்தில் கடன் வசூலித்தவர் யாரும் இதை நம்பமாட்டார். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது கந்தப்பளையில் ஒருவருக்கு உரம் கிடைக்காமல் ராகலையில் இன்னொருவருக்குக் கிடைத்தது என்றில்லை. எல்லாருடைய கரட்டும் ஒரே போகத்தில் சிறுத்தது. தடை நவம்பரில் நீங்கியது, அதற்குள் போகம் போய்விட்டது. 2022இல் ரூபாய் விழுந்து, டீசல் வரிசை நீண்டு, ஏப்ரல் மாதம் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி உயர்த்தியபோதும் அப்படித்தான். தம்புள்ளை மொத்தச் சந்தைக்கு லொறி போகாவிட்டால் எல்லார் மரக்கறியும் சேர்ந்தே அழுகும்.

## மூன்றாம் படி: பொதுக் காரணியைச் சேர்ப்பது

மாதிரி சொல்வது இதுதான். ஒவ்வொரு கடனாளியின் பொருளாதார நிலையையும் ஒரு எண்ணாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் இரண்டு பகுதிகளால் ஆனது:

```
A_i = √ρ · Z + √(1−ρ) · ε_i
```

Z எல்லாருக்கும் பொதுவானது: அந்த வருடம் மலையகத்தின் நிலைமை. உர விலை, டீசல், தம்புள்ளைச் சந்தை விலை, மழை எல்லாம் அதற்குள் அடக்கம். ε_i அந்த ஆளுக்கு மட்டும் உரியது: காட்டுப்பன்றி அவர் பாத்தியைக் கிண்டியது, வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடந்தது, அண்ணன் தம்பிக்குள் காணிச் சண்டை வந்தது. இரண்டும் சராசரி 0, நியம விலகல் 1 உள்ள செவ்வன் மாறிகள், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. ρ என்பது எந்த இரண்டு கடனாளிகளின் நிலைமைக்கும் இடையிலுள்ள இணைபு. 0 என்றால் ஆளாளுக்கு அவரவர் விதி. 1 என்றால் ஒருவர் விழுந்தால் எல்லாரும் விழுவர்.

A_i ஒரு எல்லைக்குக் கீழே போனால் கடன் முறிகிறது. முறியும் நிகழ்தகவு 4% ஆக இருக்க வேண்டும் என்பதால் அந்த எல்லை செவ்வன் பரம்பலின் 4% புள்ளி, அதாவது −1.751.

இனித்தான் மாதிரியின் சாமர்த்தியம். Z இன்ன அளவு என்று தெரிந்துவிட்டால் மிஞ்சுவது ε மட்டும். அது ஆளுக்கு ஆள் தனி. ஆகவே Z தெரிந்த வருடத்தில் ஒரு கடன் முறியும் நிகழ்தகவைக் கீழே எழுதலாம். அதில் p நம் 4%, N செவ்வன் பரம்பலில் ஒரு புள்ளிக்குக் கீழே விழும் நிகழ்தகவு, N⁻¹ அதன் நேர்மாறு:

```
p(z) = N( (N⁻¹(p) − √ρ·z) / √(1−ρ) )
```

கடன்கள் ஆயிரக்கணக்கில் இருந்து, எல்லாம் சிறியவையாகவும் இருந்தால், அந்த வருடத்தில் உண்மையில் முறியும் விகிதம் இந்த p(z)ஐ ஒட்டியே இருக்கும். ஆள்சார் அதிர்ஷ்டம் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். நட்டத்தைத் தீர்மானிப்பது Z மட்டும். அதனால்தான் முழு நட்டப் பரம்பலையும் ஒரே சூத்திரத்தில் எழுத முடிகிறது.

ρவை இப்போதைக்கு 0.10 என்று எடுப்போம். ஏன் 0.10 என்று பிறகு வருகிறேன். Zஐ மாற்றிப் பார்த்தால்:

| அந்த வருடத்தின் Z | முறியும் கடன்கள் (1000இல்) |
|---|---|
| +1 (நல்ல வருடம்) | 15 |
| 0 (நடு வருடம்) | 32 |
| −1 | 65 |
| −2 | 119 |
| −3.09 (ஆயிரத்தில் ஒன்று) | 207 |

இரண்டு விஷயம் கவனியுங்கள். நடு வருடத்தில் 32 கடன்தான் முறிகிறது, 40 இல்லை. பாதிக்கு மேற்பட்ட வருடங்கள் சராசரியைவிட நல்ல வருடங்கள். இரண்டு மூன்று வருடம் 25, 30 என்று வந்ததும் கிளை முகாமையாளர்கள் "நம்ம ஆள்கள் ஒழுங்காகக் கட்டுகிறார்கள், வரம்பைக் கூட்டலாம்" என்று கேட்பது இதனால்தான். பரம்பலின் இயல்பே அது, அதில் திறமை எதுவும் இல்லை. அடுத்தது, நல்ல பக்கம் ஒரு படி நகர்ந்தால் 17 கடன் குறைகிறது, கெட்ட பக்கம் ஒரு படி நகர்ந்தால் 33 கூடுகிறது, அடுத்த படியில் இன்னும் 54 கூடுகிறது. வால் ஒரு பக்கம் மட்டும் நீள்கிறது.

## நான்காம் படி: எதிர்பாரா நட்டமும் மூலதனமும்

எதிர்பாரா நட்டம் என்ற பெயரை இரண்டு பொருளில் சொல்கிறார்கள். எது என்று கேட்காமல் யாருடைய அறிக்கையையும் வாசிக்காதீர்கள்.

ஒரு பொருளில் அது நட்டத்தின் நியம விலகல். நம் தொகுப்பில் அது சுமார் 30 லட்சம். தொடர்பில்லை என்று எடுத்தபோது 6.2 லட்சம் இருந்தது இப்போது ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆயிரம் கடனைப் பத்தாயிரமாக்கினாலும் இந்த 30 குறைய வழியில்லை, 29க்குக் கீழே இறங்காது. ஆள் கூடினால் ε சமனாகும், Z சமனாகாது.

மற்றப் பொருளில் அது, தெரிந்தெடுத்த நம்பிக்கை மட்டத்திலுள்ள நட்டத்திலிருந்து எதிர்பார்த்த நட்டத்தைக் கழித்து வருவது. பொருளாதார மூலதனம் என்பது இதுவே. பாசல் விதிகள் எடுக்கும் மட்டம் 99.9%, அதாவது ஆயிரம் வருடத்தில் ஒன்றைத் தவிர மற்றெல்லா வருடங்களிலும் நட்டம் தாண்டாத அளவு. எக்செலில்:

```
=NORM.S.DIST((NORM.S.INV(0.04)+SQRT(0.1)*NORM.S.INV(0.999))/SQRT(1-0.1),TRUE)
```

விடை 0.2075. அதாவது 207 கடன், 207 லட்சம். 40 லட்சத்தைக் கழித்தால் மூலதனம் 167 லட்சம். 20 கோடிக் கடனில் இது 8.4%. மட்டத்தை 99% ஆகக் குறைத்தால் நட்டம் 142 லட்சம், மூலதனம் 102 லட்சம். எந்த மட்டம் சரி என்று கணக்குச் சொல்லாது. வைப்பாளர்களின் பணத்தை வைத்துக் கடன் கொடுப்பவர் 99.9%க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது என் எண்ணம். சொந்தப் பணத்தை மட்டும் சுழற்றுபவர் 99% என்று நின்றாலும் வேறு யாரும் கெடமாட்டார்கள்.

இங்கே ஒரு பொறி. நியம விலகல் 30 என்று தெரிந்ததும் சிலர் செவ்வன் அட்டவணையைப் பார்த்து 3.09ஆல் பெருக்கி 93 லட்சம் என்று எழுதிவிடுகிறார்கள். சரியான 167க்கு அது பாதியைச் சற்றே தாண்டும். Z செவ்வன் பரம்பலில் இருக்கிறது, நட்டம் அப்படி இல்லை. ஓர் அறிக்கையில் மூலதனம் நியம விலகலைப்போல மூன்று மடங்கு அளவில் நின்றால், எங்கேயோ மணி வடிவ வளைவைப் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். நம் கணக்கில் அந்த விகிதம் ஐந்தரையைத் தாண்டுகிறது.

## ஐந்தாம் படி: ρ எங்கிருந்து வருகிறது

இந்த வேலையில் நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். 4% என்பதைக் கோப்புகளை எண்ணி எடுத்துவிடலாம். ρவை எண்ண முடியாது, ஊகிக்க வேண்டும். மூலதனத்தை அதிகம் ஆட்டுவதும் அதுவே: மற்றதெல்லாம் அப்படியே இருக்க ρ 0.05 என்றால் மூலதனம் 98 லட்சம், 0.10 என்றால் 167, 0.15 என்றால் 234, 0.20 என்றால் 300 லட்சம்.

வருடாந்த முறிவு விகிதங்கள் கையில் இருந்தால் ஒரு சுலபமான வழி உண்டு. ஒவ்வொரு வருடத்தின் விகிதத்தையும் `NORM.S.INV`இல் போட்டு மாற்றுங்கள். மாதிரி சரியென்றால் அப்படி மாற்றிய எண்களின் பரவற்படி, அதாவது நியம விலகலின் வர்க்கம், ρ/(1−ρ)க்குச் சமம். பரவற்படியை v என்றால்:

```
ρ = v / (1 + v)
```

எட்டு வருட விகிதங்கள் இப்படி இருக்கட்டும்: 2.1, 2.8, 1.9, 3.2, 5.6, 4.0, 9.4, 3.0 சதவீதம். சராசரி 4.0. மாற்றினால் −2.03, −1.91, −2.07, −1.85, −1.59, −1.75, −1.32, −1.88. `VAR.S` 0.062 தருகிறது. ρ = 0.062/1.062, சுமார் 0.06.

இப்போது 9.4% வந்த வருடத்தை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள். ρ 0.03க்கு இறங்குகிறது. முறிவு நிகழ்தகவை 4% என்றே வைத்தாலும் மூலதனம் 113 லட்சத்திலிருந்து 69 லட்சமாகிறது. ஒரே வருடம் 44 லட்சத்தைத் தீர்மானிக்கிறது. "அது விதிவிலக்கான வருடம், கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். மூலதனம் வைப்பதே விதிவிலக்கான வருடத்துக்குத்தானே.

அவருக்குப் பதில் சொல்ல ஒரு சோதனை இருக்கிறது. சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு, அந்த 9.4% வருடத்தின் Z என்னவாக இருந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள்:

```
z = ( N⁻¹(p) − √(1−ρ)·N⁻¹(விகிதம்) ) / √ρ
```

ρ 0.03 என்றால் z = −2.62. அப்படியொரு வருடம் 200 வருடத்துக்கும் மேலான காலத்தில் ஒரு முறைதான் வரும். எட்டே வருடத்தில் அதைப் பார்த்துவிட்டோம் என்றால், நம்புவதற்குக் கஷ்டம். ρ 0.06 என்றால் z = −1.94, ஏறக்குறைய 38 வருடத்தில் ஒன்று. ρ 0.10 என்றால் z = −1.59, 18 வருடத்தில் ஒன்று. வயதான விவசாயி ஒருவரிடம் "இவ்வளவு மோசமான காலம் உங்கள் வாழ்நாளில் எத்தனை முறை வந்தது" என்று கேட்டால் வரும் பதில் இந்தக் கடைசி எண்ணுக்குத்தான் கிட்டப் போகும்.

இதற்கு மேல், மலையகத் தரவுகளுக்கென்று ஒரு பிரச்சினை உண்டு. 2020இல் கோவிட் நிவாரணமாக மத்திய வங்கி கடன் தவணைகளுக்கு மொரட்டோரியம் அறிவித்தது, பின்னர் பல தடவை நீட்டியது. மொரட்டோரியத்தில் இருக்கும் கடனுக்குத் தவணை நிலுவை ஓடாது. ஆகவே 90 நாள் கணக்கும் ஓடாது. கட்ட வழியில்லாதவர் கோப்பில் நல்ல கடனாளியாகவே நிற்பார். மோசமான வருடம் தட்டையாகி, அதன் பாரம் அடுத்தடுத்த வருடங்களுக்குச் சிந்துகிறது. பரவற்படி குறைகிறது, ρவும் குறைவாக வருகிறது. இதைக் கண்டுபிடிக்க வழி: மொரட்டோரியம் முடிந்த 12 மாதத்துக்குள் முறிந்த கடன்களைத் தனியாக எடுங்கள். அந்தக் கடன்களில் மொரட்டோரியத்துக்கு முந்திய கடைசித் தவணைகளைப் பாருங்கள். அப்போதே தாமதம் தொடங்கியிருந்தால் முறிவை அந்த வருடத்துக்கே திருப்பி எழுதுங்கள். தவணையை மறுசீரமைத்த கடன்களையும் அப்படியே நடத்த வேண்டும். பழைய கடனை மூடி, அதே ஆளுக்கு அதே நாளில் கொஞ்சம் கூட்டிப் புதுக் கடன் எழுதியிருந்தால் அது இன்னும் பெரிய மறைவிடம். அதைப் பேரேட்டில் திகதி பார்த்துத்தான் பிடிக்கலாம்.

எட்டு வருடம் என்பது புள்ளிவிபரத்துக்கு மிகக் குறைந்த அளவு. இந்த முறை சிறிய தரவில் ρவைக் குறைத்தே காட்டும் போக்குடையது. பாசல் விதிகள் வீட்டுக் கடனுக்கு 0.15, மற்றச் சில்லறைக் கடனுக்கு முறிவு நிகழ்தகவைப் பொறுத்து 0.03 முதல் 0.16 வரை எடுக்கின்றன. அவை பல நாடுகளுக்குப் பரவிய பெரிய வங்கிகளை மனதில் வைத்து அமைத்தவை. ஒரே மலைத்தொடரில், ஒரே மாதிரிப் பயிர்களில், ஒரே சந்தையை நம்பியிருக்கும் ஆயிரம் பேருக்கு அந்த வரம்பின் கீழ்ப்பாதியை எடுப்பதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. தரவு 0.06 சொன்னது, மொரட்டோரியத் திருத்தம் அதை மேலே தள்ளும், அதனால்தான் 0.10.

## ஆறாம் படி: திரும்பி வரும் பாதிப் பணம்

முறிந்த கடனில் பாதி திரும்பும் என்று எடுத்தோம். சூத்திரம் அதை எந்த வருடத்துக்கும் ஒரே மாதிரி எடுக்கிறது. ஆனால் மரக்கறிக் கடனில் பிணைகாரர் யார்? பெரும்பாலும் பக்கத்துப் பாத்திக்காரர். Z மோசமான வருடத்தில் அவர் கடனும் நின்றுபோயிருக்கும். ஆகவே 207 கடன் முறியும் வருடத்தில் பாதி வசூலாகும் என்று நம்ப முடியாது. நட்டம் 50% இல்லாமல் 65% ஆனால் ஒவ்வொரு முறிவும் 1.3 லட்சம், மொத்தம் 270 லட்சம், மூலதனம் 230 லட்சம். ρவில் வைத்த கவனத்தில் பாதியாவது இங்கே வைக்க வேண்டும்.

எல்லாக் கடனுக்கும் அது இப்படி நகராது. ஆட்டோ லீசிங்கில் 2022இல் நடந்தது நேர்மாறு. 2020 மார்ச் முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய வாகனங்களின் விலை ஏறியிருந்தது. பெற்றோல் இல்லாமல் ஓடாத ஆட்டோவைப் பறிமுதல் செய்தாலும் அதற்கு விலை இருந்தது. கைவசமுள்ள கோப்புகளில் மோசமான வருடத்தில் முறிந்தவற்றின் வசூலை நல்ல வருடத்தில் முறிந்தவற்றின் வசூலோடு தனித்தனியே ஒப்பிடுங்கள், கடன் வகைக்கு வகை. சராசரி வசூல் வீதத்தை எடுத்து வாலில் போடுவது தவறு.

## ஏழாம் படி: மூலதனத்தைக் கடனுக்குக் கடன் பிரிப்பது

இந்த மாதிரியின் பெரிய வசதி கூட்டல். எல்லா நட்டமும் ஒரே Zஇல் தொங்குவதால், 99.9% புள்ளியிலுள்ள மொத்த நட்டம் ஒவ்வொரு கடனின் பங்கையும் அப்படியே கூட்டி வருவது. ஒரு கடனின் மூலதனம் அந்தக் கடனின் குணத்தை மட்டும் பொறுத்தது. பக்கத்தில் வேறு என்ன கடன் இருக்கிறது என்பது தேவையில்லை.

நம் மரக்கறிக் கடன் ஒன்றுக்கு மூலதனம் 16,700 ரூபாய். ஒப்பிட, சம்பளத்திலிருந்து தவணை பிடிக்கப்படும் ஆசிரியருக்கு அதே 2 லட்சம், அதே பாதி நட்டம், முறிவு நிகழ்தகவு 1%, ρ 0.04 என்று எடுங்கள். 99.9% புள்ளியில் முறிவு 4.06%, மூலதனம் சுமார் 3,060 ரூபாய். முறிவு நிகழ்தகவு நாலில் ஒன்று, ஆனால் மூலதனம் ஐந்தில் ஒன்றுக்கும் கீழே. 500 விவசாயி, 500 ஆசிரியர் என்றால் 83.5 + 15.3, சுமார் 99 லட்சம்.

இதை வட்டிக்குக் கொண்டுபோகலாம். வைப்புக்குக் கொடுக்கும் வட்டிக்கு மேல் உரிமையாளர் தம் பணத்துக்கு 15% கேட்கிறார் என்றால், மரக்கறிக் கடன் ஒன்றுக்கு வருடம் 2,505 ரூபாய், அதாவது 1.25%. எதிர்பார்த்த நட்டம் 2%. இரண்டும் சேர்ந்து 3.25%, வைப்பு வட்டிக்கும் நிர்வாகச் செலவுக்கும் மேல். ஆசிரியருக்கு 0.23% + 0.5%, முக்கால் சதவீதத்துக்கும் குறைவு. "எல்லாருக்கும் ஒரே வட்டி" என்று வைத்திருக்கும் கூட்டுறவுச் சங்கத்தில் யார் யாருக்கு மானியம் கொடுக்கிறார் என்பது இந்த வித்தியாசத்தில் தெரியும். அப்படிக் கொடுப்பது தப்பென்று நான் சொல்லவில்லை. தெரிந்து கொடுத்தால் நல்லது.

## சூத்திரம் பொய்க்கும் இடம்

எல்லாக் கடனும் சிறியவை, எண்ணிக்கையில் அநேகம் என்பதே சூத்திரத்தின் அடித்தளம். நம் 1000 பேருக்கு அது பொருந்துகிறது. இதைச் சரிபார்க்க, பத்து லட்சம் கற்பனை வருடங்களைக் கணினியில் உருவாக்கிப் பார்க்கும் சிறு பாவனை ஓட்டம் போதும்:

```python
import numpy as np
from scipy.stats import norm
rng = np.random.default_rng(7)
n, p, rho = 1000, 0.04, 0.10
z = rng.standard_normal(1_000_000)
pz = norm.cdf((norm.ppf(p) - rho**0.5 * z) / (1 - rho)**0.5)
loss = rng.binomial(n, pz)
print(loss.mean(), loss.std(), np.quantile(loss, 0.999))
```

சராசரி 40ஐயும் நியம விலகல் 30ஐயும் ஒட்டி வர வேண்டும். கடைசி எண் 207ஐவிடச் சற்று மேலே வரும். அந்தச் சிறு மிச்சம் ε முழுதாகச் சமனாகாததன் விலை. `n` ஐ 100 ஆக்கி மறுபடி ஓட்டி, வரும் எண்ணைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள், மிச்சம் தெளிவாகப் பெருத்திருக்கும். சராசரி 40 வராவிட்டால் பெரும்பாலும் `rho`வின் வர்க்கமூலமோ, `1 - rho`வின் வர்க்கமூலமோ விட்டுப்போயிருக்கும்.

சிக்கல் பெரிய கடனில். அதே நிறுவனம் 20 கோடியில் 3 கோடியைக் கொழுந்து வாங்கி அரைக்கும் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்குக் கொடுத்து, மிச்சம் 17 கோடியை 850 விவசாயிகளுக்குக் கொடுத்திருக்கிறது என்று எடுங்கள். குணங்கள் ஒன்றே என்றால் சூத்திரம் அந்தத் தொழிற்சாலைக்கு ஒதுக்குவது 25 லட்சம். ஆனால் அது முறிந்தால் நட்டம் ஒரே அடியில் 150 லட்சம், 167 லட்ச மூலதனத்தில் ஏறக்குறைய முழுதும். அதற்கான வாய்ப்பு வருடத்துக்கு 4%. மோசமான Zஇல் முறிந்தால் விவசாயிகளின் நட்டமும் அதே வருடத்தில் வந்து சேரும். இப்படிப்பட்ட கடனைச் சூத்திரத்திலிருந்து வெளியே எடுத்து, மேலுள்ள ஓட்டத்தில் தனி வரியாகச் சேருங்கள்: `n` ஐ 850 ஆக்கி, ஒவ்வொரு zக்கும் தொழிற்சாலை முறிந்ததா இல்லையா என்று அதன் சொந்த p(z)ஐ வைத்துச் சுண்டி, முறிந்தால் `loss` உடன் 150ஐக் கூட்டுங்கள்.

```python
fac = rng.random(z.size) < pz
big = rng.binomial(850, pz) + 150 * fac
print(np.quantile(big, 0.999) - big.mean())
```

சூத்திரம் இரண்டு தொகுப்புக்கும் ஒரே 167ஐத்தான் தரும். இந்த ஓட்டத்தின் விடை அதைவிட எவ்வளவு மேலே நிற்கிறதோ, அதுவே அந்தத் தொழிற்சாலைக் கடன் இரகசியமாகக் கேட்கும் கூடுதல் மூலதனம். கடன் குழு கையொப்பமிடுமுன் அந்த வித்தியாசத்தை ரூபாயில் அவர்கள் முன்னால் வைக்க வேண்டும்.